தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைப்பதும் வாழ்த்துவதும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்து அனுப்பிவிட்டால் போதாதா? நேரில் போகணுமா?

அனுப்பலாம், ஆனால் அது மூன்றாவதாக வர வேண்டியது. முதலில் பெண்ணைப் பெற்ற இருவரும் சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். இரண்டாவது, அன்றே மாமனார் மாப்பிள்ளையோடு போனில் பேச வேண்டும். இந்த இரண்டும் நடந்த பிறகு எழுத்தில் போகும் வாழ்த்துக்குத்தான் மரியாதை.

வரிசை மாறினால் சங்கடம் எங்கே வரும் என்று சொல்கிறேன். மாப்பிள்ளை ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறார், அவருடைய அப்பா அம்மா ஊத்தங்கரையில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். வாழ்த்து முதலில் மாப்பிள்ளையின் போனுக்குப் போய்விடுகிறது. அவர் லீவு போட்டுவிட்டு, "தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போறோம்" என்று அம்மாவிடம் சொல்கிறார். அந்த அம்மா தன் மகன் இல்லாமல் கழிக்கப் போகும் முதல் தீபாவளியை மகன் வாயாலேயே, முடிந்துபோன விஷயமாகக் கேட்கிறார். அவர் கோபப்பட மாட்டார், "சரிப்பா" என்றுதான் சொல்வார். ஆனால் அந்த "சரிப்பா" நாலு வருஷம் கழித்தும் பேச்சில் வரும்.

எத்தனை நாள் முன்னாடி போகணும், என்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?

பத்துப் பதினைந்து நாள் இடைவெளி இருந்தால் நல்லது. துணி எடுக்கவும் சட்டை தைக்கவும் நேரம் இருக்கும். மாப்பிள்ளை கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொள்ளவும் அது போதும்.

தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், வாழைப்பழம், பூ. கூடவே ஒரு இனிப்பு. இதுவே நிறைவு. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எடுத்த துணியை அன்றே தட்டில் வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு, தீபாவளிக் காலையில் மஞ்சள் தடவிக் கொடுப்பதற்காகத் தங்கள் வீட்டிலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்கள். எங்கள் பக்கம் செவ்வாய், சனியைத் தவிர்ப்பார்கள். ராகுகாலமும் பார்த்துக்கொள்ளுங்கள்: வெள்ளிக்கிழமை என்றால் காலை 10.30 முதல் 12 வரை, திங்கள் என்றால் 7.30 முதல் 9 வரை.

சம்பந்தி வீட்டுக்குள்ளே போய் என்ன சொல்லி ஆரம்பிப்பது?

உட்கார்ந்ததும் ஆரம்பிக்க வேண்டாம். தண்ணீர் குடித்து, மழை எப்படி, மா மரம் எப்படி, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பேசிவிட்டு, அப்புறம் எழுந்து நின்று தட்டை இரண்டு கையாலும் நீட்டுங்கள். நீட்டும்போது சொல்வது இவ்வளவுதான்:

"சம்பந்தி, பசங்களுக்கு இது தலை தீபாவளி. நீங்க உத்தரவு கொடுத்தா நம்ம வீட்டுக்கு அழைச்சுக்கிறோம். நீங்க ரெண்டு பேரும் கூட வரணும்."

"நீங்களும் வரணும்" என்பதை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் வர மாட்டார்கள், "பசங்களை அனுப்பி வைக்கிறோம்" என்பார்கள். வராவிட்டாலும் அழைப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சம்பந்தி அம்மாவிடம் பெண்ணின் அம்மா தனியாக ஒரு வார்த்தை பேசுவது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். "காலையில எண்ணெய் வச்சதும் உங்களுக்குத்தான் முதல்ல போன் போடச் சொல்றேன் அண்ணி" என்றால் போதும். இரண்டு ஊரும் பக்கத்தில் இருந்தால், காலை இங்கே, சாயங்காலம் அங்கே என்று அப்போதே பேசி முடித்துவிடலாம். பாலக்கோட்டுக்கும் காரிமங்கலத்துக்கும் இடையில் இப்படி வைத்துக்கொள்வதில் ஒரு கஷ்டமும் இல்லை.

வாழ்த்தை நானே எழுதணும்னு ஆசை. எப்படி எழுதுவது? நெட்டில் இருக்கிறதெல்லாம் கவிதையா இருக்கு.

கவிதை வேண்டாம். ஒரு வீட்டில் எப்படி எழுதினார்கள் என்பதையே சொல்கிறேன், அதிலிருந்து உங்களுக்கு வழி கிடைக்கும்.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு குடும்பம். ஆவணியில் மகளின் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மூன்று ஷிப்ட். அவருடைய அப்பா அம்மா காவேரிப்பட்டினத்தில். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பெண்ணின் அப்பா முதலில் எழுதிக் காட்டியது இது:

"எங்கள் இல்லத்தில் நடைபெறவிருக்கும் தலை தீபாவளித் திருவிழாவிற்குத் தாங்கள் தங்கள் துணைவியாருடன் வருகை புரிந்து சிறப்பிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம். தங்களுக்காக அன்புப் பரிசு காத்திருக்கிறது."

மரியாதையில் குறை இல்லை. ஆனால் படித்தால் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. தான் பெற்ற மகளைத் "தங்கள் துணைவியார்" என்று எழுதும்போது அப்பாவே தள்ளி நின்றுவிடுகிறார். பரிசு காத்திருக்கிறது என்ற வரி, மாப்பிள்ளை அதற்காக வருகிறார் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. எல்லாவற்றையும்விட, எந்த நாள் எந்த நேரம் வந்து சேர வேண்டும் என்பதே இல்லை. தலை தீபாவளிக்கு வருகிறவர் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் எண்ணெய்க் குளியல் விடியுமுன்னே. காலையில் கிளம்பி வந்தால் முக்கியமானது முடிந்துபோயிருக்கும்.

அதனால் எழுதுவதற்கு முன்னால் மகளுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு எந்த ஷிப்ட் என்று கேட்கச் சொன்னேன். முதல் ஷிப்ட், மத்தியானத்துக்கு மேல் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தது. ராயக்கோட்டை வழியாக பஸ்ஸில் வந்தாலும் பைக்கில் வந்தாலும் இருட்டும் நேரத்துக்கு வந்துவிடலாம். அதற்குப் பிறகு எழுதியது இது:

"அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமாவும் அத்தையும் எழுதுவது. நலம், உங்கள் நலம் அறிய ஆவல். வருகிற நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவருக்கும் தலை தீபாவளி. காவேரிப்பட்டினம் போய் அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தோம். அவர்களும் சந்தோஷமாகச் சம்மதம் சொன்னார்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் நீங்களும் பாப்பாவும் நேராக நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். விடியற்காலை எண்ணெய் வைப்பது அத்தையின் பொறுப்பு. முதல் பட்டாசு உங்கள் கையால்தான் என்று தம்பி இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் வந்து நிற்பதுதான் இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி. இருவரும் எல்லா நலனும் பெற்று நீடூழி வாழ வாழ்த்துகிறோம்.

அன்புடன்,
மாமா, அத்தை"

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. சம்பந்தி வீட்டுச் சம்மதம் வாழ்த்துக்கு முன்னால் வந்துவிட்டது. இதை மாப்பிள்ளை தன் அம்மாவிடம் படித்துக் காட்டினாலும் ஒரு சங்கடமும் இல்லை. அப்புறம், வாழ்த்தில் வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள்: அத்தை எண்ணெய் வைக்கிறார், மச்சினன் பட்டாசு வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். கல்யாணமாகி இரண்டு மூன்று மாதத்தில் மாப்பிள்ளைக்கு இந்த வீட்டில் இன்னும் கூச்சம் போயிருக்காது. யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவருக்கு வருவது சுலபம்.

கையால் எழுதி, தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். போனில் அனுப்புவதானால் இதையே தட்டச்சு செய்து அனுப்புங்கள். விளக்குப் படத்தின்மேல் யாரோ எழுதியதை பார்வர்டு செய்ய வேண்டாம். அதே படம் அவருக்கு இன்னும் பத்துப் பேரிடமிருந்து வந்திருக்கும்.

மாப்பிள்ளை என்னைவிட ரொம்ப சின்னவர். "நீங்க" போடணுமா, "நீ"யா? ஆசீர்வாதம் என்று எழுதலாமா?

"நீங்க"தான். சொந்த அக்கா மகனே மாப்பிள்ளை ஆனாலும், சபையிலும் எழுத்திலும் "நீங்க" என்று மாற்றிக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. மகளை "நீ" என்றே சொல்லலாம், அதனால்தான் வாசலில் "வாங்க மாப்பிள்ளை, வாம்மா" என்று இரண்டும் சேர்ந்து வருகிறது. எழுத்தில் "வாழ்த்துகிறோம்" என்று முடித்தால் பொருத்தமாக இருக்கும். ஆசீர்வாதத்தைக் காலையில் அவர்கள் காலில் விழும்போது வாயால் சொல்லுங்கள்.

மோதிரம் போடப் போறோம். அதை முன்னாடியே சொல்லிடலாமா?

வேண்டாம். விரல் அளவு வேண்டுமானால் மகள் மூலமாகத் தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் சொன்னால், அது போதாது என்றோ ஏன் இவ்வளவு என்றோ பேச்சு கிளம்பும். மோதிரம் போட வசதி இல்லையென்றால் வேட்டி சட்டையோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. கடன் வாங்கிப் போடும் மோதிரத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எங்க வீட்டுல கேதார கௌரி நோன்பு உண்டு, அவங்க வீட்டுலயும் உண்டு. பொண்ணு எங்க இருக்கணும்?

வடமாவட்டங்களில் தலை தீபாவளியில் வரும் உண்மையான சிக்கல் இதுதான். தெற்கே பல ஊர்களில் இந்தப் பேச்சே வராது. இங்கே நோன்பு எடுக்கும் குடும்பத்துக்குத் தீபாவளி என்றாலே பாதி நோன்புதான்: அதிரசம் சுட்டு, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு எண்ணி வைத்துப் படைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொள்வது. கல்யாணமான பெண்ணுக்கு இனி நோன்பு புகுந்த வீட்டோடுதான். மாமியார் கையால் முதல் கயிறு கட்டிக்கொள்வது அந்த வீட்டில் அவளைச் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளம். பிறந்த வீட்டில் பூஜையைப் பார்க்கலாம், அதிரசம் சாப்பிடலாம், கயிறு அங்கேதான்.

ஆக, நாள் கணக்கைப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் குளியல் சதுர்த்தசி விடியலில், நோன்பு அமாவாசையில். சில வருஷம் இரண்டும் ஒரே நாளில் வரும், சில வருஷம் மறுநாள். 2026ல் ஞாயிறு விடியலில் சதுர்த்தசி இருக்கிறது. அமாவாசை அன்று முற்பகலில் பிறந்து திங்கள் பகல் வரை நிற்கிறது. அதனால் ஞாயிறு மாலையே நோன்பு எடுப்பவர்களும் இருப்பார்கள், திங்கள் காலையில் எடுப்பவர்களும் இருப்பார்கள். சம்பந்தி வீட்டில் எப்போது என்று அழைக்கப் போகும் அன்றே கேட்டுவிடுங்கள்.

முன்னே சொன்ன குடும்பத்தில் இரண்டு வீட்டிலும் நோன்பு உண்டு. காவேரிப்பட்டினத்தில் திங்கள் காலை என்று சொன்னார்கள். அதனால் ஞாயிறு காலை எண்ணெய், மத்தியானம் விருந்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் பட்டாசு, அது முடிந்ததும் பிள்ளைகள் காவேரிப்பட்டினம் கிளம்புவது என்று முடிவானது. வாழ்த்தில் "வாழ்த்துகிறோம்" என்ற வரிக்கு முன்னால் இன்னொரு வரி சேர்த்தார்கள்: "ஞாயிறு ராத்திரி நோன்புக்கு உங்கள் இருவரையும் அம்மாவிடம் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பொறுப்பு." அந்த வரியைப் படித்துவிட்டு சம்பந்தி அம்மாவே போன் செய்து, "அவசரப்படுத்தாதீங்க, எட்டு மணிக்கு மேல கிளம்பினாலும் போதும்" என்றார்.

அவர்கள் ஞாயிறு மாலையே எடுப்பவர்களாக இருந்தால் விருந்து முடிந்து மூன்று மணிக்கே அனுப்பிவிட வேண்டும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் பிடித்து வைக்காதீர்கள்.

வாசலில் வந்து நிற்கும்போது என்ன சொல்லணும், யார் முன்னால் போகணும்?

மாமியார் ஆரத்தித் தட்டோடு முன்னால், மாமனார் பக்கத்தில். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் வரும் சிவப்புத் தண்ணீர்தான் ஆரத்தி. இருவரையும் சேர்த்து நிற்க வைத்துச் சுற்றி, பொட்டு வைத்து, தண்ணீரை வாசலில் ஓரமாக ஊற்றிவிடலாம். மச்சினன் போய்ப் பையை வாங்கிக்கொள்ள வேண்டும், மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரக்கூடாது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "அப்பா அம்மா சௌக்கியமா இருக்காங்களா?" அடுத்து, "வண்டி நல்லபடியா வந்துச்சா?" சாப்பாட்டைப் பற்றி மூன்றாவதாகக் கேளுங்கள். அன்று ராத்திரி எளிமையாகச் சமைப்பது நல்லது. மறுநாள் விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெறும் வயிற்றில் லேகியம் சாப்பிட வேண்டியவர்.

காலையில் எண்ணெய் வைக்கும்போது மாமியார் என்ன சொல்லி வாழ்த்தணும்?

நாலரை மணி வாக்கில் எழுப்பினால் சரியாக இருக்கும். கோலம் போட்டு மனை போட்டு, இருவரையும் கிழக்குப் பார்த்து உட்கார வையுங்கள். நல்லெண்ணெயில் இரண்டு வெற்றிலை, நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்குக் கூச்சமாக இருந்தால் மாமியார் பூவாலோ விரலாலோ உச்சியில் மூன்று முறை தொட்டு வைத்தால் போதும். மீதியை அவரே தேய்த்துக்கொள்வார். தொடும்போது, "நூறு வயசு நல்லா இருக்கணும் மாப்பிள்ளை" என்று சொல்லுங்கள். பெண்ணுக்கு வைக்கும்போது, "தீர்க்க சுமங்கலியா இரும்மா." இதற்குமேல் எதுவும் தேவையில்லை.

சீயக்காயோ அரப்போ தேய்த்து வெந்நீரில் குளித்து வந்ததும், காலரிலும் முந்தானையிலும் மஞ்சள் தொட்ட புதுத்துணி. கட்டிக்கொண்டு வந்து காலில் விழுவார்கள். மாமனார் வாய் திறக்க வேண்டிய நேரம் அதுதான்: "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழுங்க." அட்சதை கையில் தயாராக இருக்கட்டும், அந்த நேரத்தில் தேட வேண்டாம். அப்புறம் ஒரு நெல்லிக்காய் அளவு லேகியம்.

பட்டாசு விஷயத்தில் ஒன்று. 2018ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும்தான் வெடிக்க நேரம் ஒதுக்கி வருகிறார்கள். அதனால் குளித்த கையோடு ஐந்து மணிக்கே மாப்பிள்ளை கையில் ஊதுவத்தியைக் கொடுக்காதீர்கள். காபி குடித்து ஆறு மணிக்கு வாசலுக்கு வந்தால் சரி.

மாப்பிள்ளை வீட்டில் தெலுங்கு பேசுவாங்க. தெலுங்கில் எழுதணுமா?

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் நிறைய. வீட்டில் தெலுங்கு பேசினாலும் பள்ளியில் தமிழ் படித்தவர்கள் பலர், அதனால் எழுத்து தமிழிலேயே இருக்கலாம். அழைக்கப் போகும்போது சம்பந்தி அம்மாவிடம் "பண்டக்கி ரண்டி" என்று வாய் நிறையச் சொல்லுங்கள். அவர்கள் முகமே மலர்ந்துவிடும்.

அப்பா இல்லை. அண்ணன் நான்தான் அழைக்கணும். யார் பெயரில் எழுதுவது?

அம்மா பெயரில் எழுதி, கீழே உங்கள் பெயரையும் உங்கள் மனைவி பெயரையும் போடுங்கள். "அத்தை அழைக்கிறேன்" என்று தொடங்கினால் மாப்பிள்ளைக்கு அது பெரிய மரியாதை. எண்ணெயும் அம்மாதான் வைக்க வேண்டும் என்பேன். கணவர் இல்லாதவர் வைக்கக்கூடாது என்று உறவில் யாராவது இழுப்பார்கள். பெற்று வளர்த்த மகளின் தலையில் எண்ணெய் வைக்க அவரைவிட உரிமை யாருக்கும் இல்லை. இதைச் சனிக்கிழமை ராத்திரியே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள், விடியற்காலையில் அம்மா ஓரமாகப் போய் நிற்கும்படி விட்டுவிடாதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டில் போன மாதம் தாத்தா தவறிட்டார். வாழ்த்து அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். பங்காளி வீட்டில் துக்கம் என்றால் அந்த வருஷம் பண்டிகை இல்லை என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே அதிகம். நேரில் போய், "இந்த வருஷம் எப்படிச் செய்யலாம்னு நீங்க சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள், அல்லது எண்ணெய் வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள், பட்டாசு வேண்டாம் என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் அப்படியே செய்யுங்கள்.

நான்தான் மாப்பிள்ளை. மாமனார் இப்படி ஒரு வாழ்த்து அனுப்பியிருக்கார். என்ன பதில் போடறது?

கைகூப்பும் படத்தை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். அன்றே போன் செய்து, "மாமா, பார்த்தேன். அப்பாகிட்டயும் பேசிட்டேன். சனிக்கிழமை ஆறரை மணிக்குள்ள வந்துடறோம்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். ஷிப்ட் மாறினாலோ பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டாலோ உடனே சொல்லிவிடுங்கள், அத்தை உலை வைக்கும் நேரம் அதைப் பொறுத்தது. போகும்போது அத்தைக்கு ஒரு சேலை, மாமாவுக்கு ஒரு வேட்டி, மச்சினனுக்குப் பட்டாசு. இனிப்பை ஓசூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் ராயக்கோட்டையில் இறங்கி வாங்கலாம் என்றால் கூட்டத்தில் நேரம் போய்விடும்.